குழு வேலை நடுவில் ஊருக்குப் போக வேண்டி வந்தால்: குழுவுக்கு எதை, எப்படி, எவ்வளவு சொல்வது

கண்டியில் படித்த காலத்தில், இரண்டாம் வருடக் குழு ஒப்படை ஒன்றின் நடுவில் நான் பொகவந்தலாவைக்குப் போக வேண்டி வந்தது. வட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதினேன்: "வீட்டில் ஒரு அவசரம். நாலு நாள் இருக்க மாட்டேன். என் பங்கை எப்படியும் முடிச்சிடுவேன்." எல்லாரும் இதயம் போட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால், நான் செய்வேன் என்று நினைத்த வேலையில் ஒரு பகுதியை யாருமே தொடவில்லை. இன்னொரு பகுதியை நானும் செய்திருந்தேன், இன்னொரு தோழியும் செய்திருந்தாள். நாற்பது வீடுகளின் தரவு இருக்க வேண்டிய ஷீட்டில் நாற்பத்தேழு வரிகள் இருந்தன. அதைச் சரிசெய்யவே ஒரு இரவு போனது.

நான் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே முடிக்க நினைத்தேன். ஆனால் "என் பங்கு" என்பது எது என்று அந்தச் செய்தியில் இல்லை, நாலு நாள் எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்றும் இல்லை. மூன்றாம் வருடத்தில் அதே மாதிரி ஒரு நிலைமை மறுபடி வந்தபோது வேறு விதமாகச் செய்தேன். அந்த இரண்டாவது தடவையை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்திலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகளுக்கு இது வருடத்தில் ஒரு தடவையாவது வரும்.

அந்த வேலை என்ன, நிலைமை என்ன

நாங்கள் நாலு பேர். ஒருத்தி மாத்தளை, அவள்தான் குழுத் தலைவி. ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தர் அக்குறணை, அப்புறம் நான். ஒரு தோட்டத்தின் லயங்களில் குடிதண்ணீர் எப்போது வருகிறது, எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று நாற்பது வீடுகளில் வினாக்கொத்து நிரப்பி வந்திருந்தோம். அடுத்தது அந்த நாற்பதையும் கூகுள் ஷீட்டில் ஏற்றுவது. அதை நான் தனியாகச் செய்வதாக ஏற்கெனவே பேச்சு. புதன்கிழமை இரவுக்குள் ஏற்றி முடித்தால்தான் வியாழன் காலை யாழ்ப்பாணத் தோழி கணக்குப் போடத் தொடங்கலாம். அறிக்கையைக் கொடுக்க வேண்டியது அதற்கு அடுத்த திங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அம்மாவை ஞாயிறு ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், திங்கள் ஆபரேஷன். நான் ஞாயிறு காலை பஸ் ஏற வேண்டும். சனிக்கிழமை ஒரு நாள்தான் கையில்.

முதல் படி: செய்தி எழுத முன் வேலையை எண்ணிப் பாருங்கள்

மனம் பதறுகிற நேரத்தில் கை உடனே போனுக்குத்தான் போகும். ஒரு மணி நேரம் பொறுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் வேலை எத்தனை துண்டு, ஒரு துண்டுக்கு எவ்வளவு நேரம் என்று அளந்துவிடுங்கள். மனதில் மதிப்பிடுவது போதாது. உண்மையாகவே நாலைந்தைச் செய்து, மணி பார்த்து அளக்க வேண்டும்.

நான் அறைத்தோழியின் லேப்டொப்பில் ஐந்து வினாக்கொத்துகளைச் சோதனைக்காக ஏற்றினேன். முப்பத்தைந்து நிமிடம் ஆனது, ஒன்றுக்கு ஏழு நிமிடம். ஆனால் ஊரில் லேப்டொப் இல்லை, போன்தான். அதனால் அதே மாதிரி இரண்டைப் போனில் ஏற்றிப் பார்த்தேன். ஒன்றுக்குப் பதினொரு நிமிடம் ஆனது. இந்த வித்தியாசத்தைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. வளாகத்தில் இருக்கும் வேகத்தை வைத்து ஊரில் செய்யும் வேலைக்கு வாக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சோதனைக்கு ஏற்றிய வரிகளை அழித்துவிட்டேன். சனிக்கிழமை முதலாவதிலிருந்து ஒழுங்காகத் தொடங்க வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டாம் படி: உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்

இங்கேதான் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். "ஆஸ்பத்திரியில் சும்மாதானே உட்கார்ந்திருப்பேன், அங்கேயே செய்துவிடலாம்" என்று தோன்றும். நடக்காது. மருந்து வாங்க ஓட வேண்டும், வீட்டில் தம்பி தங்கச்சிக்குச் சமைக்க வேண்டும், பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். பெண் பிள்ளை வீட்டுக்கு வந்தால் அடுப்படி அவள் கைக்கு வந்துவிடுகிறது என்பதையும் மறக்காமல் கணக்கில் சேருங்கள்.

நாள் நாளாக எழுதினேன். சனி: லேப்டொப்பில் இரண்டு மணி நேரம், அதாவது பதினேழு வினாக்கொத்து. ஞாயிறு: பயணமும் ஆஸ்பத்திரியும், ஒன்றுமில்லை. திங்கள்: ஆபரேஷன், ஒன்றுமில்லை. செவ்வாய், புதன்: மாலையில் ஒவ்வொரு மணி நேரம், போனில், நாளுக்கு ஐந்து. மொத்தம் இருபத்தேழு.

ஆனால் இருபத்தேழைச் சொல்லவில்லை. ஒரு மாலை முழுவதும் கைவிட்டுப் போனாலும் எவ்வளவு முடியுமோ அதைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தேன். இருபத்தேழில் ஐந்தைக் கழித்தால் இருபத்திரண்டு. அதுதான் என் வாக்கு. மிச்சம் பதினெட்டை மற்றவர்களிடம் கேட்டாக வேண்டும். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வெள்ளிக்கிழமையே பதினெட்டு என்று சொன்னால் அவர்கள் நாட்களை ஒதுக்கிக்கொள்ளலாம். புதன் இரவு பத்து மணிக்குச் சொன்னால் அவர்களுக்கு வழியே இல்லை.

மூன்றாம் படி: பங்கை எண்ணால் குறியுங்கள்

"பாதி", "முக்கால்வாசி", "பெரும்பகுதி" எல்லாம் பங்கு ஆகாது. எந்தப் பாதி என்று யாருக்கும் தெரியாது. முன்பு நாற்பத்தேழு வரி வந்தது அதனால்தான்.

ஒவ்வொரு வினாக்கொத்தின் மேல்மூலையிலும் பேனையால் 1 முதல் 40 வரை எண் போட்டேன். ஷீட்டின் முதல் நிரலிலும் அதே எண். என் பங்கு 1 முதல் 22 வரை. இது ஒரு கட்டுரைப் பகுதியாக இருந்தால் எத்தனையாவது தலைப்பு, எத்தனை பக்கம், எந்த நிலையில் (குறிப்பா, முழுவதும் எழுதியதா) என்று சொல்லலாம். படம் வரைவதாக இருந்தால் எத்தனை படம், எவை என்று பெயர் சொல்லலாம். இன்னொருவர் வந்து பார்த்து "இது முடிந்திருக்கிறது, இது முடியவில்லை" என்று உங்களிடம் கேட்காமலே சொல்ல முடிந்தால் பங்கு சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

அசல் தாள்களை ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். ஹட்டன் பக்கம் மழையில் பைக்குள் இருந்த தாள் நனைந்துவிட்டால் நாற்பது வீட்டுக்காரர்களிடமும் திரும்பப் போய்க் கேட்க முடியாது. நான் 18 முதல் 22 வரையான தாள்களைப் படம் எடுத்துப் போனில் வைத்தேன், தாள்கள் தலைவியின் அலுமாரியில் இருந்தன. நான் செய்யாமல் விட்டாலும் அவர்கள் எடுத்துச் செய்ய வழி இருந்தது.

நான்காம் படி: யாரிடம் முதலில்

குழுவில் போடுவதற்கு முன் உங்கள் வேலைக்காகக் காத்திருக்கிறவரிடம் நேரே பேசுங்கள். என் விஷயத்தில் அது யாழ்ப்பாணத் தோழி. அவளிடம் கேட்டது ஒரே கேள்வி: "வியாழன் காலை நாற்பதும் இருந்தால்தான் தொடங்குவீங்களா, இல்லை முப்பது இருந்தாலும் தொடங்கலாமா?" வாய்பாடுகளை முப்பதை வைத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பிறகு சேர்த்தாலும் பரவாயில்லை என்றாள். புதன் இரவு ஒன்றிரண்டு பிந்தினாலும் தாங்கும் என்று இதனால் தெரிந்தது. இந்தப் பேச்சு இல்லாமல் எழுதியிருந்தால் எங்கே இடம் இருக்கிறது, எங்கே இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்காது.

விரிவுரையாளருக்கும் சொல்ல வேண்டுமா? குழுவுக்குள்ளேயே வேலையை மாற்றிக்கொள்ள முடிந்தால் தலைவி சொன்னால் போதும். ஆனால் நீங்கள் இல்லாத நாளில் முன்வைப்போ வாய்மொழித் தேர்வோ இருந்தால் கதை வேறு. நேரில் நிற்பதற்குக் கிடைக்கிற புள்ளியைத் தட்டச்சு வேலை செய்து ஈடுகட்ட முடியாது. அதை நீங்களே, எழுத்தில், போவதற்கு முன் விரிவுரையாளரிடம் கேட்க வேண்டும். குழு தலையாட்டினாலும் அது செல்லாது.

ஐந்தாம் படி: செய்தி

காரணத்தை எவ்வளவு சொல்வது என்று பலர் தடுமாறுகிறார்கள். "அம்மாவுக்கு ஆபரேஷன்" என்பது போதும். என்ன நோய், எந்த வார்ட் என்பது குழுவுக்குத் தேவையில்லை. ஆனால் வேலையைப் பாதிக்கிற ஒன்றையும் மறைக்காதீர்கள். எங்கள் பிள்ளைகள் அதிகம் மறைப்பது வீட்டு நிலைமையைத்தான். லயத்தில் சிக்னல் இல்லை, மேல் மலைக்கு ஏறினால்தான் மெசேஜ் வரும் என்று சொல்லக் கூச்சப்பட்டு "போன் பழுதாகிட்டு" என்று எழுதுகிறார்கள். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால் மற்றவர்கள் போன் திருத்தி முடியும் வரை காத்திருப்பார்கள். சிக்னல் எப்போது கிடைக்கும் என்று சொன்னால் அந்த நேரத்துக்குக் கேள்வியை வைத்துக்கொள்வார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, திட்டமிட அவர்களுக்குத் தேவைப்படுகிற தகவல் இது.

நான் வெள்ளி இரவு போட்ட செய்தி இது:

"எல்லாரும் பாருங்க. அம்மாவுக்குத் திங்கள் ஆபரேஷன். ஞாயிறு காலை ஊருக்குப் போறேன். வியாழன் வர நினைச்சிருக்கேன், ரோட்டு நிலைமை சரியில்லைன்னா வெள்ளி.

நான் ஏற்றுவது: வினாக்கொத்து 1–22. இதில் 1–17 சனி இரவு 9 மணிக்குள். 18–22 புதன் இரவு 8 மணிக்குள்.

என்னால் ஏற்ற முடியாதது: 23–40. 23–31 ஒருத்தர், 32–40 ஒருத்தர் எடுக்க முடியுமா? ஒருத்தருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இதுக்குப் பதிலா உசாத்துணைப் பட்டியலை முழுசா நான் வந்து செய்யுறேன், சனி மாலைக்குள் முடிச்சுத் தாறேன்.

லயத்தில சிக்னல் இல்லை. ஒவ்வொரு நாளும் மாலை 6.30 முதல் 7 வரை மேலே ஏறி மெசேஜ் பார்ப்பேன். அவசரம்னா எஸ்எம்எஸ் போடுங்க.

புதன் 8 மணிக்கு 18–22 ஷீட்டில இல்லைன்னா, என் மெசேஜும் இல்லைன்னா, எனக்காகக் காத்திருக்காம தாளை எடுத்து ஏற்றிடுங்க. தாள் எல்லாம் தலைவிகிட்ட இருக்கு.

23–31 யார், 32–40 யார்னு நாளைக்குப் பகல் 12க்குள் சொல்லுங்க."

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். திரும்பி வரும் நாளுக்கு ஒரு நாள் இடம் விட்டிருக்கிறேன். கினிகத்தேனைப் பக்கமோ நோர்வூட் பக்கமோ மழை நாளில் மண் சரிந்து பாதை மூடினால் நம் கையில் ஒன்றும் இல்லை. மழைக்காலமாக இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே நாளைச் சொல்லுங்கள். அது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் வரும். வேலையை எத்தனை மணிக்குள் என்று உறுதியாகச் சொல்லலாம், பஸ்ஸை அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்தது, நான் தவறினால் என்ன செய்வது என்று செய்தியிலேயே இருக்கிறது. அது இல்லாவிட்டால் நல்ல மனமுள்ள தோழிகள் "பாவம், அம்மாவோட இருக்கா, கேட்க வேணாம்" என்று காத்திருந்து எல்லாரும் பிந்திவிடுவார்கள்.

மூன்றாவது சொற்கள். "பார்க்கிறேன்", "முடிஞ்சா", "ட்ரை பண்றேன்" எதுவும் அதில் இல்லை. எங்கள் பக்கம் "பார்க்கிறேன்" என்றால் பெரும்பாலும் மரியாதையாகத் தட்டிக்கழிப்பது. யாழ்ப்பாணத் தோழி அதைச் செய்வதாக எடுத்துக்கொள்வாள் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரே தமிழ்தான், ஆனாலும் ஊருக்கு ஊர் வாக்கின் எடை வேறு. கலந்த ஊர்க் குழுவில் "ஏற்றுவேன்", "ஏற்ற முடியாது" இரண்டும் போதும்.

ஆறாம் படி: ஒப்புக்கொண்டார்களா என்று உறுதிசெய்யுங்கள்

நீலக் கோடு விழுந்தால் பார்த்தார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். இதயம் போட்டால் அம்மாவுக்காக வருத்தப்படுகிறார்கள் என்று அர்த்தம். 23–31ஐ எடுத்துக்கொண்டதாக இரண்டுமே சொல்லவில்லை. அதனால்தான் கடைசி வரியில் கேள்வியும் நேரமும் வைத்தேன். பகல் பன்னிரண்டுக்கு அக்குறணைக்காரர் மட்டும் பதில் போட்டிருந்தார், 32–40. தலைவிக்கு நேரே அழைத்தேன். "நீ போ, 23–31 என்னோடது" என்றாள். உடனே அதையும் குழுவில் ஒரு வரியாக எழுதினேன். வாயால் பேசியது மற்ற இருவருக்கும் தெரியாது அல்லவா. அந்தச் செய்தியைக் குழுவின் மேலே பின் செய்தோம். வட்ஸ்அப்பில் ஏழு நாளுக்குப் பின் செய்யலாம், எங்களுக்கு அது சரியாக இருந்தது.

போவதற்கு முன் இன்னொரு வேலை. ஷீட்ஸ் செயலியில் அந்தக் கோப்பின் மூன்று புள்ளியை அழுத்தி `Make available offline` என்பதை இயக்குங்கள். வளாகத்தில் வைஃபை இருக்கும்போதே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் இல்லாத இடத்தில் கோப்பைத் திறக்கவே முடியாமல் போகலாம்.

ஏழாம் படி: சொன்னது சறுக்கும்போது

சனி இரவு 1–17 முடிந்தது. திங்கள் ஆபரேஷன் செவ்வாய்க்குத் தள்ளிப் போனது. செவ்வாய் மாலை ஒன்றும் செய்ய முடியாது என்று திங்கள் மாலையே தெரிந்தது. அன்றைக்கே மலையேறி எழுதினேன்: "ஆபரேஷன் நாளைக்கு மாறிட்டு. 1–17 ஷீட்டில இருக்கு. 18–22 புதன் 8 மணி, மாற்றமில்லை. ஆனா இனி மிச்ச நேரம் இல்லை, புதன் தவறினா தவறினதுதான்." ஒரு மாலையை முதலிலேயே கழித்து வைத்ததால் வாக்கு அப்படியே நின்றது. அதோடு கையிருப்பு தீர்ந்துவிட்டது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டேன். இதைச் சொல்லாமல் "எல்லாம் ஓகே" என்றிருந்தால் தலைவி புதன் மாலையைத் தனக்கு ஒதுக்கி வைத்திருக்க மாட்டாள்.

புதன் மாலை அம்மா கண் திறந்து பேசினார். மனம் கொஞ்சம் இறங்கியது. ஆறு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து 18, 19, 20 ஏற்றினேன். அப்புறம் மழை பிடித்தது, கரண்ட் போனது, போனில் பதினைந்து வீதம் சார்ஜ். 21ஐத் தொடவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனமாக இருங்கள். சிக்னல் இல்லாமல் ஷீட்டில் எழுதியது உங்கள் போனில் மட்டும்தான் இருக்கும். குழு பார்க்கும் ஷீட்டில் 17உடன் நிற்கும். எட்டு மணிக்கு அவர்கள் 18லிருந்து ஏற்றத் தொடங்கிவிடுவார்கள், பிறகு உங்கள் போன் சிக்னலில் வந்ததும் அதே மூன்றும் இரட்டிப்பாகலாம், இல்லாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படலாம். அதனால் மழையில் குடையோடு பாதி மலை ஏறினேன். இணையம் வரவில்லை, ஆனால் ஒரு கோடு சிக்னல் இருந்தது. இணையம் வராத இடத்திலும் எஸ்எம்எஸ் பல நேரம் போய்விடும். "18 19 20 என் போனில் முடிஞ்சது. 21 22 நீங்க ஏற்றுங்க" என்று தலைவிக்கு அனுப்பினேன். ஏழு ஐம்பதுக்குப் போனது. எட்டரைக்குள் அவள் இரண்டையும் ஏற்றிவிட்டாள்.

மன்னிப்பு நீளமாக எழுதாதீர்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குத் தேவை எது முடிந்தது, எது இல்லை என்ற இரண்டு எண்தான். வருத்தத்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

எட்டாம் படி: திரும்பியதும்

வியாழன் மாலை வந்து சேர்ந்தேன். பையை வைத்ததும் முதலில் போன் வைஃபையில் சேர்ந்து 18–20 ஷீட்டுக்குப் போய்விட்டதா என்று பார்த்தேன். பிறகு லேப்டொப்பில் ஒரு வெற்று நிரலில் இரண்டாம் வரியிலிருந்து இதைப் போட்டு நாற்பது வரிக்கும் இழுத்தேன்:

```
=COUNTIF(A:A,A2)>1
```

முதல் நிரலில் ஒரே எண் இரண்டு தடவை இருந்தால் அந்த வரியில் `TRUE` என்று காட்டும். எல்லாமே `FALSE`. ஆனால் இரட்டிப்பு இல்லை என்றால் எல்லாம் இருக்கிறது என்று ஆகாது. அதனால் வரிகளையும் எண்ணினேன். சரியாக நாற்பது. யாழ்ப்பாணத் தோழி காலையிலேயே முப்பத்தேழை வைத்து வாய்பாடுகளைப் போட்டிருந்தாள், மூன்றும் சேர்ந்ததும் எண்கள் தாமாகவே மாறின.

அடுத்தது பதிலுக்குச் செய்வதாகச் சொன்ன வேலை. பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வந்த களைப்பில் இருப்பீர்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். கேட்காவிட்டாலும் அது வாக்குத்தான். உசாத்துணைப் பட்டியல் வெள்ளி இரவே முடிந்தது. தலைவி எனக்காக 21, 22ஐயும் ஏற்றினாள் என்பதால் அவள் எழுதிய அறிமுகப் பகுதியின் எழுத்துப்பிழையையும் பார்த்துக் கொடுத்தேன். அதை அவள் கேட்கவில்லை.

அறிக்கையின் கடைசியில் யார் எதைச் செய்தார்கள் என்று ஒரு பக்கம் இருந்தது. தரவு ஏற்றியது என்ற வரியில் என் பெயருக்கு எதிரே "1–20" என்று எழுதினேன். முதலில் சொன்னது இருபத்திரண்டு, செய்தது இருபது. தலைவியின் பெயருக்கு எதிரே "21–31". அவள் அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டுதானே, விடு" என்றாள். நான் அப்படியே விட்டு அச்செடுத்தேன்.